தாடிப் பொடுகும் தேங்காய் எண்ணெயும்

தாடிக்குள் அரிப்பு என்பதையே முதற்குறையாகச் சொல்லிக்கொண்டு எங்கள் தோல் நோய்ப் பிரிவுக்கு வருவோர் குறைவு. வேறொரு காரணத்துக்காக வந்து, மருந்துச்சீட்டை வாங்கிக்கொண்டு எழும்போதுதான், "தாடிக்குள்ளேயும் கொஞ்சம் அரிக்குது" என்று தயங்கியபடி சொல்வார்கள். கருப்புச் சட்டை அணிவதை நிறுத்திவிட்டதாகச் சிலர் சொல்வதுண்டு. தம்மைச் சுத்தமில்லாதவர் என்று பிறர் எண்ணிவிடுவார்களோ என்ற கூச்சமே இந்தத் தயக்கத்துக்குக் காரணம் என்பதை நாங்கள் பலமுறை கண்டிருக்கிறோம். ஆகவே அதை முதலிலேயே தெளிவாக்கிவிடலாம். தாடிப் பொடுகு அழுக்கினால் வருவதன்று. ஒருவரிடமிருந்து மற்றொருவருக்குத் தொற்றுவதும் அன்று. ஒரே துண்டைப் பயன்படுத்தியதால் வந்துவிட்டதென்று வீட்டில் எவரையும் குறைகூற வேண்டியதில்லை.

தலையில் வரும் பொடுகும் தாடியில் வரும் பொடுகும் ஒன்றேதான். அது சற்று முற்றித் தோல் சிவந்து போகும் நிலையைச் செபோரிக் டெர்மடைடிஸ் என்று மருத்துவர்கள் அழைக்கிறார்கள். எண்ணெய்ச் சுரப்பிகள் மிகுந்துள்ள இடங்களையே அது தேடிச் செல்லும். தலை, புருவம், மூக்கின் இரு பக்க மடிப்புகள், மீசை, தாடி, காதின் பின்புறம், நெஞ்சின் நடுப்பகுதி ஆகியவை அந்த இடங்கள். இவ்விடங்களில் எல்லா மனிதர்களின் தோலிலும் மலசீசியா என்ற நுண்ணிய ஈஸ்ட் வகைப் பூஞ்சை குடியிருக்கிறது. லூயி-சார்ல் மலசே என்ற பிரெஞ்சு அறிஞர் 1874இல் பொடுகுச் செதில்களில் இதைக் கண்டு விவரித்ததால் அவர் பெயரே பின்னர் இதற்கு வழங்கலாயிற்று. உங்கள் தோலிலும் எங்கள் தோலிலும் இப்போதும் அது இருக்கிறது. பெரும்பாலோர்க்கு அதனால் தீங்கு ஏதுமில்லை.

இந்தப் பூஞ்சைக்கு ஒரு விந்தையான குறை உண்டு. தனக்கு வேண்டிய கொழுப்பு அமிலங்களைத் தானே ஆக்கிக்கொள்ளும் திறன் அதற்கு இல்லை. ஆகையால் நம் தோல் சுரக்கும் எண்ணெயை உடைத்து, அதிலிருந்து தனக்கு ஏற்றவற்றை எடுத்துக்கொள்கிறது. எஞ்சியதைத் தோலின் மேலேயே விட்டுவிடுகிறது. அவ்வாறு எஞ்சும் பொருள்களுள் ஒன்று ஓலியிக் அமிலம். சிலருடைய தோல் இந்த அமிலத்தைத் தாங்கிக்கொள்ளும். வேறு சிலருடைய தோல் அதனால் உறுத்தப்பட்டு, சிவந்து, அரித்து, தன் மேல் அடுக்கை அவசரமாக உதிர்க்கத் தொடங்கிவிடும். இயல்பான தோலிலும் செல்கள் ஓயாமல் உதிர்ந்துகொண்டுதான் இருக்கின்றன. ஆயினும் தனித்தனியாக உதிர்வதால் அவை கண்ணுக்குப் புலப்படுவதில்லை. அவசரமாக உதிரும்போது அவை முதிராமலேயே கொத்துக் கொத்தாகப் பிரிந்து செதிலாகத் தெரிகின்றன. பொடுகு என்று நாம் சொல்வது இதைத்தான்.

இவ்வளவையும் விளக்குவதற்கு ஒரு காரணம் உண்டு. தாடி அரித்தால் நம் வீடுகளில் முதலில் செய்யப்படுவது எண்ணெய் தடவுவதுதான். தேங்காய் எண்ணெய், நல்லெண்ணெய், விளக்கெண்ணெய் எல்லாம் போதாதென்று, இப்போது தாடிக்கெனவே சிறு புட்டிகளில் எண்ணெய் விற்கிறார்கள். தடவிய அன்று நன்றாகவே இருக்கும். எண்ணெய் செதிலை நனைத்துத் தோலோடு ஒட்டவைத்துவிடுவதால் எதுவும் உதிராது. அரிப்பும் சற்று அடங்கும். இரண்டு மூன்று நாள்களில் முன்னைவிடத் தடித்த செதில் கிளம்பும். உடனே இன்னும் கொஞ்சம் எண்ணெய். பூஞ்சை உண்பது கொழுப்பைத்தான் என்பதை நினைவில் வைத்தால் இந்தச் சுழல் ஏன் முடிவதில்லை என்பது விளங்கும். தேங்காய் எண்ணெயை நாங்கள் வெறுப்பவர்கள் அல்லோம். கை கால்களின் வறண்ட தோலுக்கு அது நல்ல பூச்சு. பொடுகு இருக்கும் இடத்தில் மட்டும் வேண்டாம் என்கிறோம்.

அரிப்பெல்லாம் பொடுகன்று என்பதையும் இங்கே சொல்லவேண்டும். கார்த்திகையில் மாலை அணிந்து, சவரத்தை நிறுத்தி, இரண்டாவது வாரத்தில் தாடை முழுவதும் அரிக்கிறது என்று வருவோரை ஆண்டுதோறும் பார்க்கிறோம். மனைவி கருவுற்றிருக்கும் மாதங்களில் தாடி வளர்க்கும் வழக்கமுள்ள குடும்பத்தவரும் இதையே சொல்வார்கள். சவரக்கத்தி வெட்டிய முடியின் முனை கூர்மையாக இருக்கும். அது சற்று வளர்ந்து வளையும்போது பக்கத்துத் தோலைக் குத்துகிறது. மூன்று நான்கு வாரங்களில் முடி நீண்டு மென்மையானதும் இந்த அரிப்பு தானாகவே போய்விடும். இதில் செதிலும் இராது, சிவப்பும் மிகுதியாக இராது.

வறட்சியால் வரும் அரிப்பு இன்னொரு வகை. குளிக்கும் சோப்பை நாள்தோறும் இரண்டு மூன்று முறை தாடியில் தேய்ப்பவர்களுக்கும், வெந்நீரில் முகம் கழுவுபவர்களுக்கும், உப்புச் சுவையுள்ள ஆழ்துளைக் கிணற்று நீரையே நம்பியிருப்பவர்களுக்கும் இது வரும். நம் தோல் இயல்பில் சற்றே அமிலத்தன்மை உடையது. சோப்போ காரத்தன்மை உடையது. கடின நீரில் சோப்பு முழுவதும் கரைந்து போகாமல் வெண்படலமாகத் தாடிக்குள் தங்கிவிடுகிறது. முகம் கழுவித் துடைத்த சில நிமிடங்களில் தோல் இழுத்துப் பிடிப்பதுபோல் இருந்தால், செதில் மாவுபோல் நுண்ணியதாகவும் வெண்மையாகவும் உலர்ந்தும் இருந்தால், அது வறட்சியாக இருக்கவே வாய்ப்பு மிகுதி. பொடுகின் செதில் சற்று மஞ்சளோடியது, பிசுபிசுப்பானது. சீப்பின் பற்களில் ஒட்டிக்கொள்ளும். ஐயம் இருந்தால் கண்ணாடியின் முன் நின்று புருவத்தையும் மூக்கின் மடிப்பையும் பாருங்கள். அங்கும் அதே சிவப்பும் செதிலும் இருந்தால் பெரும்பாலும் பொடுகுதான்.

வறட்சியாக இருப்பின் சோப்பை நிறுத்தி ஈரப்பூச்சு பூசினாலே ஒரு வாரத்தில் வேறுபாடு தெரியும். பொடுகுக்கு அது மட்டும் போதாது. என்ன செய்யவேண்டும் என்பதை, எங்களிடம் வந்த ஒரு முதியவரை முன்வைத்துச் சொல்வது எளிதாக இருக்கும். அவரும் அவருடைய மகளும் இசைவு தந்ததன் பேரில், அடையாளம் தெரியாதவாறு எழுதுகிறோம்.

அவருக்கு வயது 71. ஆறு ஆண்டுகளாகப் பார்க்கின்சன் நோய் உள்ளவர். கை நடுக்கம், நடையில் தளர்ச்சி, தாழ்ந்துபோன குரல். முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக அவர் முகத்தில் தாடி இருக்கிறது. இப்போது முழுவதும் வெண்மை. உடன் இருந்து கவனிப்பவர் மகள். அவர் முதலில் சொன்னது தாடியைப் பற்றி அன்று, தூக்கத்தைப் பற்றி. இரவில் தந்தை உறங்காமல் தாடையைச் சொறிந்துகொண்டே இருக்கிறார். காலையில் தலையணை உறையில் செதிலும் சில நாள் இரத்தக் கறையும் காணப்படுகின்றன. தாடியை மழித்துவிட்டால் தொல்லை தீரும் என்று வீட்டில் எல்லோரும் சொல்லியிருக்கிறார்கள். அதற்கு மட்டும் அவர் இசையவில்லை. எங்களிடமும் குரல் எழாமல், கையால் தாடியைப் பிடித்துக்கொண்டு தலையசைத்தார். நோயினால் ஒவ்வொன்றாக இழந்துவரும் ஒருவரிடம் இதையும் விட்டுவிடச் சொல்வது எளிதன்று. மருத்துவ நோக்கிலும் அதற்குத் தேவை இருக்கவில்லை.

பார்க்கின்சன் நோய் உள்ளவர்களுக்கு இத்தகைய பொடுகு மற்றவர்களைவிட மிகுதியாக வருகிறது. அவர்களுடைய முகத்தில் எண்ணெய்ப்பசை கூடுதலாகச் சேர்வதைக் காணலாம். முகத்தின் அசைவு குறைவதும், நடுங்கும் கையால் முகத்தை நன்கு கழுவ இயலாமற் போவதும் அதனோடு சேர்ந்துகொள்கின்றன. ஆகவே இது மகளின் கவனிப்பில் நேர்ந்த குறையன்று. உண்மையில் அவர் மிகையாகவே கவனித்திருந்தார். காலையிலும் மாலையிலும் குளியல் சோப்பால் தாடியைத் தேய்த்துக் கழுவியிருக்கிறார். இரவில் தேங்காய் எண்ணெயை வெதுவெதுப்பாக்கித் தடவியிருக்கிறார். எண்ணெயை நிறுத்துங்கள் என்று நாங்கள் சொன்னபோது, "எண்ணெய் வைக்காம அப்பாவைப் படுக்க வைக்க எனக்கு மனசு வராதே டாக்டர்" என்றார். அந்தக் கைப்பழக்கத்தை வெறுமனே பறிக்காமல், அதே நேரத்துக்கு வேறொன்றைக் கொடுக்க வேண்டியிருந்தது. அதைப் பின்னர் சொல்கிறோம்.

தாடியைச் சீப்பால் வகிர்ந்து பார்த்தபோது வேர்ப்பகுதியில் மஞ்சளோடிய செதில் படிந்திருந்தது. அதன் அடியில் தோல் சிவந்திருந்தது. புருவத்திலும் காதின் பின்புறத்திலும் அதுவே. தாடையின் வலப்பக்கம் நகக் கீறல்கள். வாயின் இரு ஓரங்களிலும் தோல் வெடித்து ஊறியிருந்தது. உமிழ்நீர் வழிந்து தாடியின் அப்பகுதி எப்போதும் நனைந்தே இருந்ததுதான் அதற்குக் காரணம்.

முதற் காரியமாகத் தாடியைக் குறைக்கச் சொன்னோம். மழிப்பதற்கன்று, ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் நீளத்துக்கு. மருந்து தோலைச் சென்றடைய வேண்டும். அடர்ந்த நீண்ட தாடியில் நுரையெல்லாம் முடியிலேயே நின்றுவிடும். இதற்கு அவர் இசைந்தார். அதன்பின் கீட்டோகோனசோல் 2 விழுக்காடு உள்ள ஷாம்பு எழுதித் தந்தோம். வாரத்துக்கு இரண்டு நாள், நான்கு வாரங்கள். அவர்கள் புதனும் ஞாயிறும் என்று வைத்துக்கொண்டார்கள்.

அந்த ஷாம்புவைப் பயன்படுத்துவதில் பலர் வெற்றி காணாததற்கு ஒரே காரணம் நேரம். தலைக்குப் போடுவதுபோல் தேய்த்த உடனே கழுவிவிடுகிறார்கள். பூஞ்சையை அடக்கும் மருந்து தோலின் மேல் ஐந்து நிமிடமாவது இருக்கவேண்டும். மகளுக்கு நாங்கள் சொல்லிக்கொடுத்த முறை இது. குளியலறையில் கைப்பிடி உள்ள நாற்காலியில் தந்தையை அமர்த்தவேண்டும். பார்க்கின்சன் நோய் உள்ளவர்களுக்கு எழுந்து நிற்கும்போது இரத்த அழுத்தம் திடீரென்று இறங்கக்கூடும். வெந்நீர் அதை மிகுவிக்கும். ஆகவே நிற்க வைத்துக் கழுவக் கூடாது, நீர் வெதுவெதுப்புக்கு மேல் சூடாக இருக்கவும் கூடாது. கழுத்தைச் சுற்றி ஒரு துண்டு. தலையைப் பின்னால் சாய்க்காமல் சற்று முன்னே குனிந்த நிலையில் வைத்தால் நீர் தொண்டைக்குள் புரையேறாது.

தாடியை முதலில் வெறும் நீரால் நன்கு நனைக்கவேண்டும். பின்னர் அரைத் தேக்கரண்டி அளவு ஷாம்புவை உள்ளங்கையில் இட்டு, நீர் சேர்த்து நுரையாக்கி, விரல் நுனிகளால் முடியை விலக்கித் தோலில் படுமாறு சிறு வட்டங்களாகத் தேய்க்கவேண்டும். நகம் படக் கூடாது. கீறல் மேலும் கீறலை உண்டாக்கும். மீசை, மூக்கின் மடிப்பு, காதின் பின்புறம் ஆகிய இடங்களையும் விட்டுவிடக் கூடாது. புருவத்துக்கு மட்டும், கண்ணை மூடச் சொல்லி, ஈரத் துணியில் நுரையைத் தொட்டு ஒற்றியெடுத்தால் போதும். அதன்பின் ஐந்து நிமிடம் காத்திருக்கவேண்டும். கடிகாரம் பார்த்துக்கொண்டிருந்தால் அந்த ஐந்து நிமிடமும் அரை மணிபோல் தோன்றும் என்பதால், மகள் கைப்பேசியில் தந்தைக்குப் பிடித்த பழைய பாடல் ஒன்றை ஒலிக்கவிட்டு, அது முடியும் வரை காத்திருந்தாராம். இந்த அளவுகோலில் எங்களுக்கு மறுப்பில்லை. முடிவில் நான்கைந்து குவளை நீரால், நுரையின் வழவழப்பு விரலுக்குத் தட்டுப்படாத வரை அலசவேண்டும். எஞ்சி நிற்கும் நுரையே சிலருக்குப் புதிய அரிப்பைத் தரும்.

மற்ற ஐந்து நாள்களிலும் சோப்பு வேண்டாம் என்றோம். நாளுக்கு ஒரு முறை, நறுமணம் சேர்க்காத மென்மையான முகக் கழுவி சிறிதளவு போதும். மற்ற வேளைகளில் வெறும் நீர். பயத்தம் மாவு, சீயக்காய்த் தூள் ஆகியவற்றைச் சிலர் நல்லெண்ணத்துடன் பயன்படுத்துகிறார்கள். அவற்றின் துகள்கள் தாடிக்குள் தங்கிவிடுகின்றன. அலசி எடுப்பது கடினம். உணவுக்குப் பின் வாயோரத்தையும் தாடியையும் ஈரத் துணியால் துடைத்து, பிறகு உலர்ந்த துணியால் ஒற்றியெடுக்கச் சொன்னோம். வழியும் உமிழ்நீரிலிருந்து காக்க, வாயோரத்தில் மட்டும் பெட்ரோலியம் ஜெல்லி மெல்லியதாக. இது கனிம எண்ணெயிலிருந்து வருவது, பூஞ்சைக்கு உணவாகாது.

இனி அந்த இரவு நேரத்து எண்ணெய்க்கு மாற்று. கழுவிய தாடியைத் துண்டால் தேய்க்காமல் ஒற்றியெடுத்து, தோல் இன்னும் சற்று ஈரமாக இருக்கும்போதே கிளிசரின் கலந்த, நறுமணமற்ற மெல்லிய ஈரப்பூச்சைப் பூசவேண்டும். ஈரம் முற்றிலும் காய்ந்தபின் பூசினால் பயன் பாதிதான். பூச்சின் வேலை நீரைப் புதிதாகக் கொடுப்பதைவிட, உள்ளதைப் போகாமல் பிடித்து வைப்பதே. குறுகிய தாடிக்கு இரண்டு பட்டாணி அளவு போதும். அதை விரல் நுனிகளில் பரப்பி, தாடியை வகிர்ந்து, வகிட்டின் வழியே தோலில் தடவவேண்டும். முடியின் மேல் தடவினால் தாடி பளபளக்கும், தோல் வறண்டே கிடக்கும். மருந்து ஷாம்பு தோலைச் சற்று வறட்டும் என்பதால், அது போடும் நாள்களில் இதை ஒருபோதும் தவறவிடக் கூடாது. தாடி வைத்தவர் படம் போட்ட விலையுயர்ந்த குப்பிகளை வாங்கவேண்டிய கட்டாயம் ஏதுமில்லை. தாவர எண்ணெயும் நறுமணமும் சேராத எந்த எளிய ஈரப்பூச்சும் இதைச் செய்துவிடும். குப்பியின் பின்புறம் உள்ள பட்டியலைப் படித்துப் பார்த்து வாங்குங்கள். இரவில் தந்தையைப் படுக்க வைக்கும் முன் மகள் இப்போது செய்வது இதைத்தான். தொடுகை அதேதான், பொருள் மட்டும் வேறு.

பத்தாவது நாளில் சொறிவது குறைந்தது. நான்காவது வார முடிவில் அவர்கள் வந்தபோது சிவப்பு பெரும்பாலும் மறைந்திருந்தது. மூக்கின் மடிப்பில் மட்டும் சிறிது செதில். அரிப்பு முதலில் அடங்கும், செதில் பின்னர்தான் குறையும், சிவப்பு கடைசியாகவே தணியும். இந்த வரிசையை அறியாமல், செதில் இன்னும் இருக்கிறதே என்று இரண்டாவது வாரத்திலேயே மருந்தை மாற்றுவோர் பலர்.

இரண்டு மாதம் கழித்து அவர்கள் மீண்டும் வந்தார்கள். பழையபடி செதில், பழையபடி தூக்கமின்மை. நன்றாகிவிட்டதென்று ஷாம்புவை முழுவதுமாக நிறுத்தியிருந்தார்கள். இந்த நோயின் இயல்பு இதுதான். பூஞ்சையை அடியோடு களைய முடியாது, களையவும் தேவையில்லை. குறைத்து வைக்கத்தான் முடியும். முதல் நான்கு வாரத்துக்குப் பின், வாரத்துக்கு ஒரு முறையோ இரு வாரத்துக்கு ஒரு முறையோ அதே ஐந்து நிமிடக் கழுவல் தொடர வேண்டும். தூக்கம் கெடும்போதும், மனச்சுமை மிகும்போதும், மார்கழிக் குளிரிலும் அது தலைதூக்கலாம். அப்போது மீண்டும் வாரத்துக்கு இரு முறை. அவர்களுக்கு இப்போது ஞாயிற்றுக்கிழமை மட்டும் போதுமானதாக இருக்கிறது. தாடி இருக்கிறது.

அந்த மகள் எங்களிடம் வருவதற்கு முன் கடையில் ஒரு களிம்புக் குழாயும் வாங்கியிருந்தார். இதைத் தனியே எழுதுவதற்குக் காரணம், எங்களிடம் வருவோரில் பலரின் கையில் இத்தகைய குழாய் ஒன்று இருப்பதுதான். வீரியமான ஸ்டீராய்டு, பூஞ்சை மருந்து, நுண்ணுயிர்க்கொல்லி மூன்றும் ஒன்றாகக் கலந்த களிம்பு அது. தடவிய மூன்றாம் நாளே அரிப்பு நிற்கும். நிறுத்தியதும் இரட்டிப்பாகத் திரும்பும். முகத்தின் தோல் மெல்லியது. அதில் வீரியமான ஸ்டீராய்டை வாரக்கணக்கில் தடவினால் தோல் மேலும் மெலிந்து, நுண்ணிய இரத்தக் குழாய்கள் சிவப்பு நூல்போல் தெரியத் தொடங்கும்; பருக்களும் கிளம்பும். கடுமையான சிவப்புக்கு நாங்களும் சில சமயம் ஸ்டீராய்டு தருகிறோம். அது மிக மென்மையான வகை, சில நாள்களுக்கு மட்டும். உங்கள் வீட்டில் உள்ள குழாயின் பெயர் எங்களுக்குத் தெரியவேண்டும். பல வாரம் தடவியிருந்தால், தடாலென்று நிறுத்துவதற்கு முன் மருத்துவரிடம் காட்டுங்கள்.

இந்தக் களிம்பினால் இன்னொரு கேடும் உண்டு. அது படர்தாமரையை மறைத்துவிடும். தாடியில் வரும் படர்தாமரை பொடுகைப்போல் இரு பக்கமும் சமமாக வராது. பெரும்பாலும் ஒரு பக்கத்தில் தடித்து, வீங்கி, சீழ்கோத்துக் காணப்படும். அங்குள்ள முடியைப் பிடித்து மெதுவாக இழுத்தாலே வலியின்றிக் கையோடு வந்துவிடும். மாடு கன்றுகளோடு பழகுவோர்க்கு, அவற்றின் தோலிலிருந்து இது ஒட்டிக்கொள்வதுண்டு. இதற்கு ஷாம்பு போதாது. வாய்வழி மருந்து தேவைப்படும். காலம் தாழ்த்தினால் அவ்விடத்தில் தழும்பு விழுந்து முடி முளைக்காமலே போகலாம்.

தாடிக்குச் சாயம் பூசுபவர்கள் ஒன்றைக் கவனிக்கவேண்டும். சாயம் பூசிய ஓரிரு நாளில் தாடை வீங்கி, நீர் கசிந்து, எரிச்சலோடு அரித்தால் அது பொடுகன்று, சாயத்தின் ஒவ்வாமை. கருஞ்சாயங்களில் உள்ள பாராஃபினைலீன்டையமின் என்ற வேதிப்பொருளே இதற்குப் பெரும்பாலும் காரணம். ஒருமுறை வந்துவிட்டால், அடுத்த முறை பூசும்போது இன்னும் கடுமையாக வரும். வேறு நிறுவனத்தின் சாயத்துக்கு மாறினாலும் அதே பொருள் அதிலும் இருக்கக்கூடும். மருதாணி என்ற பெயரில் விற்கப்படும் கருந்தூள்களிலும் இதைக் கலப்பதுண்டு. கண்ணைச் சுற்றி வீக்கம் பரவினால் அன்றே மருத்துவமனைக்கு வாருங்கள்.

நாணய அளவில் முடி உதிர்ந்து, தோல் வழவழப்பாகச் செதிலின்றி இருந்தால் அது புழுவெட்டு. அதற்கு வேறு சிகிச்சை. முழங்கை, முழங்கால்களிலும் வெள்ளி நிறத் தடித்த செதில் இருந்தால் சோரியாசிஸ் என்று ஐயுறுகிறோம். பொடுகே ஆயினும், திடீரெனத் தோன்றி முகம், மார்பு, அக்குள் என்று விரைந்து பரவி, மருந்துக்கும் அடங்காமல் இருந்தால், நோய் எதிர்ப்பாற்றல் குறைந்திருக்கிறதா என்று இரத்தப் பரிசோதனை செய்யக் கேட்போம். அவ்வாறு கேட்டால் அஞ்சவேண்டாம். அது வழக்கமான நடைமுறை.

முறைப்படி நான்கு வாரம் கழுவியும் குறையவில்லையெனில், அல்லது சீழ், காய்ச்சல், தாடையின் கீழ் நெறிகட்டுதல் ஆகியவை இருந்தால் தோல் நோய்ப் பிரிவுக்கு வாருங்கள். வருவதற்கு முந்தைய நாளும் வரும் நாளும் தாடியில் எண்ணெய், பூச்சு எதையும் தடவவேண்டாம். செதிலின் இயல்பான தோற்றத்தை நாங்கள் பார்க்கவேண்டும். நல்ல தோற்றத்தோடு மருத்துவரைப் பார்க்கவேண்டும் என்று அன்று காலையில் மழித்துவிட்டு வருவோரும் உண்டு, அதையும் தவிர்க்கவும். இதுவரை தடவிய களிம்பு, எண்ணெய், சாயம், சோப்பு எல்லாவற்றையும், காலியான குழாய்கள் உட்பட, ஒரு பையில் போட்டு எடுத்து வாருங்கள். பெயர் மறந்துபோன மருந்தை அதன் குழாயைக் கொண்டுதான் நாங்கள் கண்டறிய முடிகிறது.